டிஎஃப்என் இன்னும் கைக்கு வரவில்லை, வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. படிவத்தில் என்ன எழுதுவது?

நிலா_மெல்பர்ன்

எல்லோருக்கும் வணக்கம். 482 என்ற தற்காலிக வேலை விசாவில் போன வாரம்தான் மெல்பர்ன் வந்தேன். வரும் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். வாரச் சம்பளம் 1,500 டாலர். எச்.ஆர். அனுப்பிய ஆவணங்களில், டிஎஃப்என் என்கிற வரிக்கோப்பு எண்ணை முதலாளிக்குத் தெரிவிக்கும் டிஎஃப்என் டிக்ளரேஷன் படிவமும் இருக்கிறது. எனக்கு இன்னும் எண் இல்லை, விண்ணப்பமும் இனிமேல்தான் போட வேண்டும். எண் இல்லாவிட்டால் 47 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்று உடன் வேலை பார்க்கப்போகிறவர் சொன்னதிலிருந்து கொஞ்சம் பதற்றம்.

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். எண் வரும்வரை படிவத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா? என் இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில்தான் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கின்றன. அதை எப்படிப் பிரித்து எழுதுவது? கடைசியாக, ரெசிடென்ட்டா ஃபாரின் ரெசிடென்ட்டா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பிஆர் இல்லையே, எதைக் குறிப்பது?

சரவணன்_பி

பதறாதீங்க. எண் லெட்டர் தபாலில் வர ஒரு மாசம் வரைக்கும் ஆகும். அதுவரை படிவத்தைத் தொடாதீங்க, பாதி நிரப்பிக் கொடுத்தா அப்புறம் குழப்பம்தான். நீங்க தற்காலிக விசா, அதனால ஃபாரின் ரெசிடென்ட்னுதான் குறிக்கணும். பிஆர் வந்ததும் மாத்திக்கலாம். விண்ணப்பம் இலவசம், காசு கேட்கிற இணையதளம் பக்கமே போகாதீங்க.

பேரோல்மேசை

சரவணன் சொன்னதில் கடைசி வரி மட்டும் நூற்றுக்கு நூறு சரி. ஆஸ்திரேலிய வரித்துறையான ஏடிஓ டிஎஃப்என் கொடுக்கப் பணம் வாங்குவதில்லை. பார்த்தால் அரசு தளம் போலவே இருந்துகொண்டு கட்டணம் கேட்கும் பக்கங்கள் உங்கள் பாஸ்போர்ட் விவரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். முகவரிப் பட்டையில் ato.gov.au என்று நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். மற்ற இரண்டையும் அப்படியே செய்தால் நிலாவுக்கு நஷ்டம்.

முதலில் படிவம். எண் இல்லாதவர்களையும் நினைத்துத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். எண் கேட்கும் முதல் கேள்விக்குப் பக்கத்திலேயே, புதிய எண்ணுக்கு ஏடிஓவிடம் தனியாக விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டு அந்தக் கட்டத்தைக் குறித்து, மற்ற கேள்விகளை நிரப்பி, கையெழுத்திட்டு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அன்றிலிருந்து 28 நாள் உங்களுக்கு அவகாசம். அந்த 28 நாளும் எண் கொடுத்த ஊழியருக்குப் பிடிப்பது போலவே உங்களுக்கும் சாதாரண விகிதத்தில்தான் பிடிப்போம். பேரோலில் உங்கள் எண் இருக்க வேண்டிய இடத்தில் 111 111 111 என்று போடுவோம். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார் என்பதற்கான குறியீடு அது. படிவமே தராதவருக்கு 000 000 000. அதைப் போட்ட கணமே 47 சதவீதம் பிடித்தாக வேண்டும், முதலாளி மனது வைத்தாலும் குறைக்க முடியாது.

ஒன்றை மறக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் இருப்பது ‘விண்ணப்பித்துவிட்டேன்’ என்ற உறுதிமொழி. ‘விண்ணப்பிக்கப் போகிறேன்’ என்று அதற்குப் பொருள் இல்லை. அதனால் திங்கட்கிழமைக்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டு, முடிவில் திரையில் வரும் குறிப்பு எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணக்கணக்கு. 2025-26 விகிதத்தில் வாரம் 1,500 டாலருக்கு, வரி ரெசிடென்டாக இருந்து வரியில்லா வரம்பையும் கேட்டிருந்தால், சுமார் 304 டாலர் பிடித்தம். ஃபாரின் ரெசிடென்ட் என்று குறித்தால் முதல் டாலரிலிருந்தே 30 சதவீதம், அதாவது 450. படிவமே தராவிட்டால் 705. சரவணன் யோசனைப்படி போனால் வாரம் 401 டாலர் கூடுதலாகப் பிடிபடும். பிறகு எண் கொடுத்தாலும் அதற்கு அடுத்த சம்பளத்திலிருந்துதான் சரியாகும். ஏற்கெனவே பிடித்ததை நாங்கள் திருப்பித் தர முடியாது. ஜூன் 30-க்குப் பிறகு வரித் தாக்கல் செய்து ஏடிஓவிடம்தான் வாங்க வேண்டும். புதிதாக வந்து வாடகை முன்பணம், வீட்டுச் சாமான் என்று செலவு குவியும் நேரத்தில் அந்தப் பணம் ஏடிஓவிடம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ரெசிடென்ட் கேள்வியை அடுத்து எழுதுகிறேன். பெயர் விஷயத்தை யாழ்வாணி நன்றாகச் சொல்வார்.

யாழ்வாணி

வணக்கம் நிலா தங்கச்சி. பெயர் விசயத்திலதான் எங்கட ஆக்கள் கனபேர் மாட்டுப்படுறவை. இணைய விண்ணப்பத்தில நீங்கள் எழுதுற பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் இலக்கம், நாடு எல்லாத்தையும் ஏடிஓ தன்ரபாட்டில, விசா குடுக்கிற ஹோம் அஃபயர்ஸ் திணைக்களத்தின்ர பதிவோட ஒப்பிட்டுப் பார்க்கும். அங்க நீங்கள் எப்பிடி இருக்கிறியளோ அதுதான் அளவுகோல். வீட்டில கூப்பிடுற விதமோ கடன் அட்டையில இருக்கிற விதமோ எடுபடாது.

ஆகவே பாஸ்போர்ட்டை வைச்சு யோசிச்சுப் பிரிக்காதேங்கோ. விசா கிடைச்ச கடிதத்தை எடுங்கோ, இல்லாட்டி விசா விபரம் பார்க்கிற VEVO இணையதளத்தில போய் உங்கட விசாவைப் பாருங்கோ. சர்நேம் காலியா இருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அனேகமா முழுப் பெயரும் `Family name` பக்கம் போய், `Given names` வெறுமையா இருக்கும். உதாரணத்துக்குப் பாஸ்போர்ட்டில கிவன் நேம் எண்டு ‘செல்வி ஆறுமுகம்’ மட்டும் இருக்குது, விசாவில அது முழுக்க `Family name`-இல இருக்குது எண்டு வையுங்கோ. விண்ணப்பத்திலயும் ரெண்டு சொல்லையும் `Family name` கட்டத்திலதான் எழுத வேணும். செல்வியை முதற்பெயராயும் ஆறுமுகத்தைக் குடும்பப் பெயராயும் பிரிச்சு எழுதினால் வாசிக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா ஒப்பீட்டில தவறிப்போகும். பதிவு பொருந்தேல்லை எண்டு அங்கேயே நிக்கலாம், அல்லது ஆள் பார்த்துச் சரிசெய்ய வேண்டி வந்து கடிதம் பிந்தலாம்.

இலங்கைப் பாஸ்போர்ட்டில வேற பிரச்சினை. பெயர் நீளமா இருந்து, அப்பாவின்ர பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு குழப்பம் வரும். அதுக்கும் இதே வழிதான், விசாவில எப்பிடியோ அப்பிடியே.

நிலா_மெல்பர்ன்

மிக்க நன்றி அக்கா. VEVO பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே முழுப் பெயரும் `Family name`-இல் இருக்கிறது. ஆனால் இன்னொரு சிக்கல். விசா கிடைத்த பிறகு பாஸ்போர்ட் காலாவதியாக இருந்ததால் புதுப்பித்தேன். பயணம் செய்தது புதிய பாஸ்போர்ட்டில். VEVO-வில் பழைய எண்ணைப் போட்டால்தான் விசா தெரிகிறது.

தங்கியிருப்பதும் மூன்று வாரத்துக்கு எடுத்த வாடகை அறை. கடிதம் எந்த முகவரிக்கு வரச் சொல்வது?

பேரோல்மேசை

நல்லவேளை, விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட்டீர்கள். விசா இன்னும் பழைய எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. புதிய எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு விசா இல்லை என்று பதில் வரும். பழையதைக் கொடுத்தால் நீங்கள் நாட்டுக்குள் வந்த பதிவோடு இடிக்கலாம். முதலில் விசாவுக்கான இணையக் கணக்கான இம்மிஅக்கவுண்டில் புகுந்து பாஸ்போர்ட் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். கணக்கு ஏஜென்ட் கையில் இருந்தால் அவரை விட்டுச் செய்யச் சொல்லுங்கள், அல்லது 929 என்ற படிவம் இருக்கிறது. VEVO-வில் புதிய எண்ணுக்கு விசா தெரிந்த பிறகு டிஎஃப்என் விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். இந்த வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டிவரும்.

இன்னொன்று, நாட்டுக்குள் வந்த பிறகுதான் இந்த இணைய விண்ணப்பம் வேலை செய்யும். ஊரில் இருக்கும்போதே போட்டுவைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

முகவரிக்கு வருவோம். கடிதம் தபாலில்தான் வரும், மின்னஞ்சலில் வராது. 28 நாள் வரை ஆகலாம் என்பது ஏடிஓவின் கணக்கு. உங்கள் அறை மூன்று வாரம். கடிதம் வருவதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள், உங்கள் டிஎஃப்என் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கிடக்கும். அந்த எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தால் போதும், உங்கள் பெயரில் மோசடி செய்ய. அதனால் குடியிருக்கும் முகவரியாக அறையையும், தபால் முகவரியாக நம்பிக்கையான ஒருவருடைய வீட்டையும் கொடுங்கள். தெருப்பெயருக்கு முன்னால் `C/-` போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதினால் தபால்காரர் திருப்பி அனுப்பமாட்டார். யூனிட் எண் விடுபட்டுக் காணாமல் போன கடிதங்கள் ஏராளம், அதைச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.

28 நாள் முடியும் முன்பு மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். ஒரே ஆள் இரண்டு முறை போட்டால் முதல் விண்ணப்பமும் சேர்ந்து தாமதமாகும். நாள் கடந்தும் வரவில்லை என்றால் 13 28 61-க்குக் கூப்பிட்டு, குறிப்பு எண்ணைச் சொல்லி நிலையைக் கேளுங்கள்.

கவின்

நானும் இதே குழப்பத்துல இருக்கேன். டெலிவரி வேலைக்குச் சேர்றேன், ஸ்டூடன்ட் விசா. அங்க டிஎஃப்என் படிவமே தரல. ஏபிஎன் எடுத்துட்டு வா, அந்த நம்பர் இருந்தா வரியே பிடிக்க மாட்டோம்னு சொல்றாங்க. ஏபிஎன்தான் டிஎஃப்என்னுக்குப் பதிலா? அப்ப டிஎஃப்என்னுக்கு நான் விண்ணப்பிக்க வேண்டாம் இல்லையா?

பேரோல்மேசை

கவின், நிலா கேட்பது வேறு. ஆனால் உங்கள் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியாது.

டிஎஃப்என் ஆளுக்கு உரியது, ஒன்பது இலக்கம், ஆயுள் முழுக்க ஒரே எண். விசா மாறினாலும் பிஆர் ஆனாலும் குடியுரிமை வாங்கினாலும் அதேதான். ஏபிஎன் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு, பதினோரு இலக்கம். ஒன்றுக்கு ஒன்று பதில் கிடையாது. ஏபிஎன் எடுத்தாலும் வரித் தாக்கலுக்கு டிஎஃப்என் வேண்டும். ‘வரியே பிடிக்கமாட்டோம்’ என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. ஆண்டு முடிவில் மொத்தத்தையும் நீங்களே கட்ட வேண்டும் என்பதுதான் அர்த்தம். ஓய்வூதியத்துக்கான சூப்பர், விடுப்புச் சம்பளம், காயம் பட்டால் காப்பீடு இவையும் பெரும்பாலும் உங்கள் தலையில் வந்துவிடும்.

நேரத்தை அவர்கள் குறித்து, மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்து, உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப விடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் நீங்கள் ஊழியர். அவர்கள் ஏபிஎன் கேட்பதால் அந்த நிலை மாறிவிடாது. ஊழியர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் கேளுங்கள். விவரம் எழுதித் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

சரவணன்_பி

மேடம், ரெசிடென்ட் பத்தி நான் சொன்னது தப்புன்னு சொன்னீங்க. ஆனா விசாவிலயே `Temporary`-னு இருக்கே? பிஆர் இல்லாதவங்க எப்படி ரெசிடென்ட் ஆவாங்க?

பேரோல்மேசை

இந்தக் கேள்வியில் தடுமாறுபவர்கள் நிறைய, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படிவம் கேட்பது வரிக்கான ரெசிடென்டா என்று. குடிவரவுச் சட்டம் சொல்லும் நிரந்தரவாசி வேறு. நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதைவிட, இங்கே எப்படி வாழ்கிறீர்கள் என்பதைத்தான் வரிச்சட்டம் பார்க்கிறது. வந்த நோக்கம் என்ன, எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள், குடும்பம் எங்கே, வீடு எடுத்திருக்கிறீர்களா, அன்றாட வாழ்க்கை எங்கே நடக்கிறது, இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

482-இல் இரண்டு, நான்கு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்து, வாடகை வீடு எடுத்து, இங்கேயே குடித்தனம் நடத்துபவர் பொதுவாக வந்த நாளிலிருந்தே வரி ரெசிடென்ட். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் சேர்ந்த மாணவரும் அப்படியே. 183 நாள் என்று ஒரு சோதனை இருப்பது உண்மை, ஆனால் அது பல சோதனைகளில் ஒன்று. 183 நாள் முடியும்வரை எல்லோரும் ஃபாரின் ரெசிடென்ட் என்று எண்ணிக்கொள்வது தவறு.

விடுமுறைக்கு வந்து வேலையும் செய்யும் 417, 462 விசாக்காரர்களுக்கு மட்டும் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. வொர்க்கிங் ஹாலிடே மேக்கர் என்ற அந்தக் கட்டத்தைத்தான் அவர்கள் குறிக்க வேண்டும். முதலாளி ஏடிஓவிடம் அதற்காகப் பதிந்திருந்தால் 45,000 டாலர் வரை 15 சதவீதம் பிடிப்பார். 2024 முதல் இந்தியர்களுக்கும் 462 குலுக்கல் முறையில் கிடைப்பதால் சொல்கிறேன். அவர்கள் ரெசிடென்ட் கட்டத்தைக் குறித்துவிட்டால் பிடித்தம் குறைந்து, ஆண்டு முடிவில் கட்டுமாறு வரும்.

இதற்கு அடுத்த கேள்வி, இந்த முதலாளியிடம் வரியில்லா வரம்பைக் கோருகிறீர்களா என்பது. வரி ரெசிடென்டாக இருந்து இது ஒன்றுதான் வேலை என்றால் ஆம். ஆண்டுக்கு 18,200 டாலர், வாரத்துக்கு 350 டாலர் என்று வைத்துப் பேரோல் கணக்குப் போடும். ஃபாரின் ரெசிடென்ட் என்று குறித்தவர் இங்கே இல்லை என்றுதான் சொல்ல முடியும். ஆகவே முந்தைய கட்டத்தைத் தவறாகக் குறித்தால் இரண்டு இடத்தில் அடிபடும்.

நிலா_மெல்பர்ன்

தெளிவாகப் புரிந்தது. ஒரு சின்னச் சந்தேகம். நான் வந்தது அக்டோபரில். நிதியாண்டு ஜூலையில் தொடங்கிவிட்டதே, முழு 18,200 எனக்கு உண்டா? படிவத்தில் எங்காவது பாதி ஆண்டு என்று குறிக்க வேண்டுமா?

பேரோல்மேசை

படிவத்தில் அதற்கு இடமே இல்லை, எதுவும் குறிக்க வேண்டாம். வரித் தாக்கலில்தான் வந்த தேதியைச் சொல்வீர்கள். ஆண்டின் நடுவில் ரெசிடென்ட் ஆனவருக்கு வரம்பு சற்றுக் குறையும். 13,464 டாலர் அடிப்படை, அதற்கு மேல் 4,736 டாலரை, நீங்கள் ரெசிடென்டாக இருந்த மாதங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்கள். வந்த மாதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் ஜூன் வரை ஒன்பது மாதம்.

```
13,464 + 4,736 × 9 ÷ 12 = 17,016
```

இதனால் கைவிட்டுக் கட்டவேண்டி வருமோ என்று பயப்படாதீர்கள். பேரோல் உங்களுக்கு வாரம் 350 என்று ஒன்பது மாதத்துக்குத்தான் விலக்குக் கொடுத்திருக்கும், அது 13,650 அளவில்தான் வரும். உங்களுக்கு உரியது 17,016. வேறு வருமானம் இல்லாவிட்டால் முதல் ஆண்டில் பொதுவாகப் பணம் திரும்பித்தான் வரும்.

கூடவே ஒன்று. சாதாரணப் பிடித்தத்தில், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான லெவி இரண்டு சதவீதமும் சேர்ந்தே இருக்கிறது. இந்தியாவிலிருந்து 482-இல் வந்தவருக்கு மெடிகேர் கிடையாது என்பதால், சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் மெடிகேர் என்டைட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் வாங்கி, தாக்கலின்போது விலக்குக் கோரலாம்.

தாமரை

என் கணவர் 482, நான் அவரோடு வந்திருக்கிறேன். எனக்கு இரண்டு இடத்தில் கேஷுவல் வேலை, ஒன்றில் வாரம் 600, இன்னொன்றில் 500. இரண்டு இடத்திலும் படிவம் கொடுத்தார்கள். இரண்டிலும் வரியில்லா வரம்புக்கு ஆம் என்று குறித்துவிட்டேன். ஒரு தோழிதான் அப்படிச் செய்தால் கையில் அதிகம் வரும் என்றாள். அது சரியா?

பேரோல்மேசை

கையில் அதிகம் வரும் என்பது உண்மைதான், ஆனால் அது கடன். இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் அறியாமல், வாரம் 350 டாலரைத் தனித்தனியாகத் தள்ளிவிட்டு மீதிக்குப் பிடிக்கிறார்கள். ஏடிஓ கடைசியில் இரண்டையும் கூட்டி, வரம்பை ஒருமுறைதான் தரும். உங்கள் கணக்கில், வாரம் 1,100 டாலர் ஆண்டு முழுக்க ஓடினால், தாக்கலின்போது சுமார் ஐயாயிரம் டாலர் கட்டச் சொல்லி வரும்.

திருத்துவது எளிது. சம்பளம் குறைவான இடத்துக்கு வித்ஹோல்டிங் டிக்ளரேஷன் என்ற வேறொரு படிவம் கொடுத்து, வரம்பு வேண்டாம் என்று மாற்றுங்கள். இனிமேல் வரும் சம்பளத்துக்குத்தான் அது பொருந்தும். இதுவரை குறைவாகப் பிடித்ததற்கு இப்போதே கொஞ்சம் எடுத்துவையுங்கள். ரெசிடென்ட் கட்டத்தைத் தவறாகக் குறித்தவர்களும் இதே படிவத்தால் சரிசெய்யலாம்.

ரகு_சிட்னி

மென்பொருள் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். எண் கையில் வந்ததும் படிவத்தில் ஏற்றும்போது இலக்கம் மாறிப்போவது அடிக்கடி நடக்கும். டிஎஃப்என்னுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒன்பது இலக்கத்தையும் வரிசையாக 1, 4, 3, 7, 5, 8, 6, 9, 10 ஆல் பெருக்கிக் கூட்டினால் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். மென்பொருள் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் 123 456 782 என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள்.

```
1×1 + 2×4 + 3×3 + 4×7 + 5×5 + 6×8 + 7×6 + 8×9 + 2×10 = 253
253 ÷ 11 = 23
```

கடைசி இரண்டை மாற்றி 728 என்று முடித்தால் கூட்டல் 259, மீதி 6. மென்பொருள் உடனே மறுத்துவிடும். அதனால் பேரோல் ‘உங்கள் எண் செல்லாது’ என்று சொன்னால், ஏடிஓ தவறான எண் கொடுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடிதத்தை எடுத்து இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். 1-க்கும் 7-க்கும் குழப்பம் வருவது கையால் எழுதிய படிவத்தில்தான்.

இந்தச் சோதனையால் பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. கணவர் எண்ணை மனைவி படிவத்தில் எழுதிவிட்டால் அதுவும் செல்லுபடியான எண்தான், அழகாக உள்ளே போய்விடும். ஒரே உறையில் இரண்டு கடிதமும் கிடக்கும் வீடுகளில் கவனம்.

யாழ்வாணி

ரகு சொன்னதோட இதையும் சேருங்கோ. இலக்கம் சரியா இருந்தும் பெயரோ பிறந்த திகதியோ பேரோலில வேற மாதிரி இருந்தால், முதலாளி ஏடிஓவுக்கு அனுப்புற சம்பள விபரம் உங்கட கணக்கோட ஒட்டாமப் போகலாம். அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டால், முதல் சம்பளம் வந்தாப் பிறகு மைகவ் எண்ட அரச இணையக் கணக்கில ஏடிஓவுக்குள்ள போய் இன்கம் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கோ. முதலாளியின்ர பெயரும் தொகையும் தெரிய வேணும். ரெண்டு மூண்டு சம்பளம் போயும் ஒண்டும் தெரியேல்லை எண்டால் பேரோலிட்டப் போய்ப் பெயர், திகதி, இலக்கம் மூண்டையும் கடிதத்தோட வைச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ. ஜூலை வரைக்கும் விட்டால் தாக்கல் செய்யிற நேரத்திலதான் தெரியவரும், அப்ப எல்லாரும் ஓடுப்படுவினம்.

புதுசா வந்தவைக்கு மைகவ்வில ஏடிஓவை இணைக்கிறதே கஷ்டம், அது கேக்கிற பழைய வரிக்கடிதம் ஒண்டும் கையில இராது. ஏடிஓவுக்குப் போன் எடுத்து லிங்கிங் கோட் கேட்டு வாங்கலாம்.

நிலா_மெல்பர்ன்

எங்கள் எச்.ஆர். பயன்படுத்தும் இணையப் படிவம் முதற்பெயர் கட்டத்தைக் காலியாக விட மறுக்கிறது. என் விசாவில் முதற்பெயரே இல்லையே, அங்கே என்ன போடுவது?

ரகு_சிட்னி

சில இடங்களில் ஒரு புள்ளி வைத்துக் கடக்கிறார்கள். அது பேஸ்லிப்பில் அசிங்கமாகத் தெரிந்தாலும் பெயர் மாறாது.

யாழ்வாணி

எனக்கெண்டால் புள்ளியில நம்பிக்கை இல்லை. சில மென்பொருள் அதை ஏற்காது. காகிதப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் குடுக்கிறதுதான் மேல்.

பேரோல்மேசை

மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுவதால் இதற்கு ஒரே பதில் இல்லை. குடும்பப் பெயர், பிறந்த தேதி, எண் மூன்றும் கடிதத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். முதற்பெயர் கட்டத்தில் என்ன செய்வது என்பதைப் பேரோலிடமே கேட்டுச் செய்யுங்கள். முழுப் பெயரைப் பிரித்து இரண்டு கட்டத்திலும் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மைகவ் இணைந்த பிறகு, ஏடிஓ பக்கத்திலேயே புதிய வேலைக்கான படிவம் இருக்கிறது. உங்கள் எண்ணும் பெயரும் அங்கே தானாக நிரம்பி வரும், எழுத்துப்பிழைக்கு இடமில்லை. ஆனால் சமர்ப்பித்தவுடன் அது முதலாளிக்குத் தானாகப் போகாது, அச்செடுத்தோ பிடிஎஃப்பாகவோ நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

எண்ணைக் கொடுக்கும்போது கடிதத்தின் படத்தை அனுப்பச் சொன்னால் மறுக்கலாம். எண் மட்டும் போதும், கடிதம் முதலாளிக்குத் தேவையில்லை. நேர்காணலிலோ பயோடேட்டாவிலோ எண்ணைக் கேட்பவருக்குக் கொடுக்கவே வேண்டாம். வேலை உறுதியான பிறகுதான் அது அவர்களுக்கு உரியது. வாடகை வீட்டுக்காரருக்கும் அது தேவையில்லை.

சரவணன்_பி

ரெசிடென்ட் விஷயம் இப்ப புரியுது. ஆனா ஒரு சந்தேகம் தீரல. தம்பி ஒருத்தன் எட்டு மாச புராஜெக்டுக்கு வந்திருக்கான். மனைவி, குழந்தை ஊர்ல. கம்பெனி கொடுத்த சர்வீஸ் அபார்ட்மென்ட். புராஜெக்ட் முடிஞ்சா திரும்பணும். 183 நாளைத் தாண்டிடுவான். இவன் எதைக் குறிக்கணும்?

ரகு_சிட்னி

183 தாண்டினால் ரெசிடென்ட் என்றுதான் நான் குறிப்பேன். ஆண்டு முடிவில் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

பேரோல்மேசை

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அந்த 183 நாள் ஒரே நிதியாண்டுக்குள் வர வேண்டும். மார்ச்சில் வந்திருந்தால் எட்டு மாதமும் இரண்டு ஆண்டாகப் பிளந்துபோகும், எந்த ஆண்டிலும் 183 வராது. ஒரே ஆண்டில் வந்தாலும், வழக்கமான வீடு வெளிநாட்டில் இருந்து, இங்கே குடியேறும் எண்ணமும் இல்லாதவருக்கு அந்தச் சோதனை பொருந்தாமல் போகலாம். குடும்பம் ஊரில், கம்பெனி வீடு, திரும்பும் தேதி தெரியும் என்பதெல்லாம் ஃபாரின் ரெசிடென்ட் பக்கம்தான் இழுக்கிறது. இரட்டை வரி ஒப்பந்தமும் சேரும். தம்பி வந்த தேதி, ஒப்பந்தம் முடியும் தேதி, சம்பளம் இங்கே தருகிறார்களா ஊரில் தருகிறார்களா, இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அதோடு ஒரு பதிவுபெற்ற டாக்ஸ் ஏஜென்டிடமும் காட்டட்டும்.

நிலா_மெல்பர்ன்

இம்மிஅக்கவுண்டில் பாஸ்போர்ட் மாற்றத்தைப் போட்டுவிட்டேன், இப்போது VEVO-வில் புதிய எண்ணுக்கே விசா தெரிகிறது. டிஎஃப்என் விண்ணப்பமும் போயிற்று. தபால் முகவரி அண்ணி வீடு. திங்கட்கிழமைக்கான படிவத்தில் ‘விண்ணப்பித்துவிட்டேன்’ கட்டம், ரெசிடென்ட், வரம்புக்கு ஆம். முதற்பெயர் கட்டம் பற்றி எச்.ஆர். நாளை காலை பேரோலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.